100 மி.மீ. பெட்டிக்கு எந்த ஊசி?

"குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். அட்டைப் பெட்டியில் ஊசித்துளை கேமரா செய்திருக்கிறேன். துளைக்கும் கறுப்பு வெள்ளை போட்டோ பேப்பருக்கும் இடையே 100 மி.மீ. வேலூர் கோட்டை மதிலை அகழிக்கு இப்பாலிருந்து, சுமார் 60 மீட்டர் தூரத்தில் படம் எடுத்தேன். 0.8 மி.மீ. துளையில் கற்கள் தனித்தனியாகத் தெரியவில்லை. துளை சிறுத்தால் கூர்மை கூடும் என்றார்கள். 0.15 மி.மீ.-க்கு மாற்றினேன், இன்னும் மோசமாகிவிட்டது. இணையத்தில் மூன்று சூத்திரங்கள், மூன்று விடைகள். எதை நம்புவது?"

இதில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. துளை சிறுத்ததும் படம் ஏன் கெட்டது என்பது ஒன்று. அதற்கு உறுதியான விடை உண்டு. மூன்று சூத்திரங்களில் எது சரி என்பது மற்றொன்று. அதற்கு விடை இருக்கிறது, ஆனால் அது 'மூன்றும் சரி' என்று சொல்லும் வகையான விடை. கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். மாணவர்கள் செய்துவந்த இத்தகைய பெட்டிகள் பலவற்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் 0.8 மி.மீ. துளை. மதிலில் உள்ள ஒரே ஒரு புள்ளியை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். அது 60 மீட்டருக்கு அப்பால் இருப்பதால் அதிலிருந்து துளைக்கு வரும் கதிர்கள் ஏறக்குறைய இணையாகவே வருகின்றன. அவற்றைக் குவிக்க வில்லை ஏதும் இல்லை. ஆகவே துளை எவ்வளவு அகலமோ, பேப்பரில் அந்தப் புள்ளியும் அவ்வளவு அகல வட்டமாக விழுகிறது. புள்ளிக்கு 0.8 மி.மீ. வட்டம். இப்போது மதிலின் கல் ஒன்று அரை மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 60 மீட்டர் தூரத்தில் உள்ள அரை மீட்டர், 100 மி.மீ. ஆழப் பெட்டியில் 0.83 மி.மீ. பிம்பமாகும். கல்லின் பிம்பமும் மங்கல் வட்டமும் ஒரே அளவில் இருக்கும்போது பக்கத்துக் கல்லோடு அது கரைந்துபோவதில் வியப்பில்லை. இது வடிவியல் மங்கல்.

துளையைச் சிறிதாக்கினால் இந்த மங்கல் குறையும் என்று உங்களுக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லியிருக்கிறார்கள். ஒளி அலையாகச் செல்வதால் குறுகிய துளையைக் கடந்ததும் பக்கவாட்டில் விரிகிறது. பள்ளிப் பாடத்தில் விளிம்பு விளைவு என்று படித்தோமே, அதுதான். துளை குறுகக் குறுக விரிவு கூடும். வட்டத் துளையைக் கடந்த ஒளி, நடுவில் பிரகாசமான ஒரு வட்டும் அதைச் சுற்றி மங்கலான வளையங்களுமாக விழுகிறது. 1835-இல் ஜார்ஜ் ஏரி இதன் கணக்கைப் போட்டுக் காட்டினார். அந்த நடு வட்டின் விட்டம்

```
2.44 × λ × f / d
```

இங்கே λ ஒளியின் அலைநீளம், f துளையிலிருந்து பேப்பர் வரையுள்ள தூரம், d துளையின் விட்டம். கண்ணுக்கு மிகப் பிரகாசமாகத் தெரியும் பச்சை ஒளிக்கு அலைநீளம் 0.00055 மி.மீ. உங்கள் 100 மி.மீ. பெட்டிக்கு மேல்பகுதி முழுவதும் சேர்ந்து 0.134 ஆகிறது. அதை 0.15-ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.9 மி.மீ. துளை 0.15 மி.மீ. தான், ஆனால் பேப்பரில் விழும் புள்ளி அதைப்போல் ஆறு மடங்கு. 0.8 மி.மீ. துளையைவிட 0.15 மி.மீ. துளை மோசம் என்று உங்கள் கண் சொன்னதைத்தான் கணக்கும் சொல்கிறது. அங்கே 0.8, இங்கே 0.9.

நம் பழைய வட ஆற்காட்டிலேயே இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தின் பெரிய தொலைநோக்கியில் 2.3 மீட்டர் ஆடி. விளிம்பு விளைவு அங்கேயும் இதே விதிப்படிதான் நடக்கிறது. ஆனால் அந்த ஆடி ஒளியைக் குவிப்பதால், அகலம் கூடக் கூட விரிவு குறையும் ஆதாயம் மட்டும் அதற்குக் கிடைக்கிறது. வடிவியல் மங்கல் என்ற தண்டனை கிடையாது. குவிக்க எதுவும் இல்லாத ஊசித்துளைக்கு மட்டுமே இரண்டு பக்கமும் அடி.

அப்படியானால் இரண்டு மங்கலும் சமமாகும் இடம் எது? d-யும் 0.134/d-யும் சமமாக வேண்டும். அதாவது d என்பது 0.134-இன் வர்க்கமூலம்: 0.37 மி.மீ. அங்கே வடிவியல் மங்கலும் 0.37, விளிம்பு விளைவு மங்கலும் ஏறக்குறைய அதே அளவு. இரண்டையும் வர்க்கம் செய்து கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மொத்த மங்கல் சுமார் 0.52 மி.மீ. இப்படிக் கூட்டுவது தோராயமான வழிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலைகள் இவ்வளவு ஒழுங்காகக் கூடிக்கொள்வதில்லை. ஆனாலும் எந்தப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று பார்க்க இது போதும்.

பார்த்தால் ஒரு நல்ல செய்தி தெரிகிறது. துளை 0.30 மி.மீ. ஆனாலும் மொத்த மங்கல் 0.54. துளை 0.45 ஆனாலும் 0.54. அதாவது 0.30-க்கும் 0.45-க்கும் இடையே எங்கே நின்றாலும் மங்கலில் 0.02 மி.மீ. வித்தியாசம்தான். படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடித்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். 0.6-க்குப் போனால் 0.64 ஆகிறது, அது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். 0.8-இல் 0.82. மறுபக்கம் 0.25-இல் 0.59, பிறகு செங்குத்தாக ஏறி 0.15-இல் 0.9. சிறிய துளைப் பக்கம்தான் சரிவு வேகம். அந்தப் பக்கம் தவறினால் வெளிச்சமும் சேர்ந்து போகிறது. சந்தேகம் வந்தால் சற்றுப் பெரிய துளையின் பக்கம் சாயுங்கள்.

இனி அந்த மூன்று சூத்திரங்கள். மூன்றின் உடலும் ஒன்றே: ஓர் எண்ணை λ × f-இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். எண் மட்டும் மாறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெட்ஸ்வால் சொன்ன வழியில் அது 1.41, உங்கள் பெட்டிக்கு 0.33 மி.மீ. மேலே நான் போட்ட சமன் கணக்கில் 1.56, அது 0.37. ராலே பிரபு 1891-இல் எழுதிய ஊசித்துளைப் படக் கட்டுரையின் வழியில் 1.9, அது 0.45. மூன்றும் மங்கல் ஏறக்குறைய மாறாத அந்த 0.30-லிருந்து 0.45 வரையுள்ள சமதளத்துக்குள்ளேயே விழுகின்றன. நீங்கள் மூன்று விடை என்று பார்த்தது, படத்தைப் பொறுத்தவரை ஒரே விடை.

இதில் ஐயமே இல்லாத பகுதி வர்க்கமூலம். பெட்டியின் ஆழம் நான்கு மடங்கானால் துளை இரண்டு மடங்காக வேண்டும், அவ்வளவுதான். அதை யாரும் மறுக்க முடியாது. முன்னால் நிற்கும் எண்தான் பேச்சுக்கு உரியது. ஏனென்றால் எதைக் கூர்மை என்று வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து அது நகரும். ஏரியின் கணக்கு, பேப்பர் துளையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும்போதுதான் முழுதாகப் பொருந்தும். சிறந்த துளையின் அருகே நாம் இன்னும் அந்தத் தூரத்துக்குப் போகவில்லை. அங்கே துளையின் நடுவிலிருந்தும் விளிம்பிலிருந்தும் வரும் அலைகள் பேப்பரின் நடுவில் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. துளை தானே கொஞ்சம் வில்லைபோல நடந்துகொள்கிறது என்று சொல்லலாம். எண் 2 ஆகும்போது நடுப்புள்ளியின் ஒளிச்செறிவு, துளைத் தகடே இல்லாமல் திறந்துவைத்திருந்தால் இருப்பதைப்போல் நான்கு மடங்கு. ராலேயின் 1.9 இந்த உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. அதனால் 1.56 என்ற சமன் கணக்கைவிடச் சற்றுப் பெரிய துளையே பயனுள்ளது என்பது என் சாய்வு. 0.37-லிருந்து 0.45-க்குப் போனால் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கிடைக்கிறது, அதுவும் கூர்மையில் எதையும் இழக்காமல்.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு திருத்தம் உண்டு. சூத்திரங்கள் எல்லாம் பச்சை ஒளிக்குப் போட்டவை. கறுப்பு வெள்ளை போட்டோ பேப்பருக்குச் சிவப்பு தெரியாது. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்குப் போட்டுக்கொள்கிறோம். பெரும்பாலும் நீல ஒளியைத்தான் அது பதிவு செய்கிறது. அலைநீளத்தை 0.00045 மி.மீ. என்று மாற்றினால் சமன் புள்ளி 0.37-லிருந்து 0.33-க்கு இறங்கும், ராலேயின் எண்ணும் 0.45-லிருந்து 0.40-க்கு இறங்கும். உங்கள் 0.15 மி.மீ. துளையின் மங்கலும் 0.9 அல்ல, 0.73 என்று வரும். சிறிது குறைகிறது, நோய் குணமாகவில்லை. உங்கள் பெட்டிக்கு 0.35-லிருந்து 0.40 வரை என்று வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

கற்கள் தெரிய வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், துளையைவிடப் பெட்டியைத்தான் மாற்ற வேண்டும். இதைப் பலரும் யோசிப்பதில்லை. ஆழத்தை 200 மி.மீ. ஆக்குங்கள். சிறந்த துளை 0.37-லிருந்து 0.52 ஆகிறது, மங்கலும் அதே விகிதத்தில், 0.52-லிருந்து 0.73 ஆகிறது. ஆனால் கல்லின் பிம்பம் 0.83-லிருந்து 1.67 மி.மீ. ஆகிறது. மங்கல் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, கல் இரண்டு மடங்கு. முன்பு மங்கலைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் இருந்த கல், இப்போது இரண்டேகால் மடங்கு. பேப்பரும் பெரிதாக இருந்தால்தான் மதிலின் அதே நீளம் உள்ளே வரும் என்பது உண்மை; செலவு அங்கேதான். கேமராவின் வில்லையைக் கழற்றி மூடியில் துளை போடுகிறவர்களின் படங்கள் நம் பெட்டிப் படங்களைவிடச் சொதசொதவென்று இருப்பதற்கும் இதுவே காரணம். அங்கே ஆழம் 45 மி.மீ. அளவுதான்.

இப்போது கைவேலை. எண்ணை எவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டாலும், துளை முட்டை வடிவமாக இருந்தால் அல்லது விளிம்பில் பிசிறு நின்றால் எல்லாம் வீண். பெட்டியின் அட்டையிலோ பால்பவுடர் டப்பாவின் தகரத்திலோ நேராகத் துளை போடாதீர்கள். தடித்த தகட்டில் போட்ட துளை சுரங்கம்போல ஆகி, சாய்வாக வரும் ஒளியைத் தடுத்துவிடும். தகடு 0.3 மி.மீ. தடிமன் என்றால், 40 பாகை சாய்ந்து வரும் கதிருக்கு 0.37 மி.மீ. துளை ஒரு பக்கத்தில் 0.12 மி.மீ. பிளவாகச் சுருங்கும். படத்தின் மூலைகள் கறுத்தும், ஒரு திசையில் மட்டும் இழுபட்டு மங்கியும் வருவதற்கு இதுதான் அடையாளம். குளிர்பானக் கேனின் பக்கச் சுவரை வெட்டி எடுங்கள், அது ஏறக்குறைய 0.1 மி.மீ. தான். அதைத் தட்டையாக்கி, அட்டையின் மேல் வைத்து, தையல் ஊசியின் முனையால் மெல்ல அழுத்துங்கள். துளைக்க வேண்டாம், பின்பக்கம் ஒரு சிறு மேடு எழும்பினால் போதும். அந்த மேட்டை நைசான உப்புத்தாளால், 600 எண் தண்ணீர்த்தாள் நல்லது, வட்டமாகத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். உலோகம் மெலிந்து மெலிந்து கடைசியில் நடுவில் தானாகத் திறந்துகொள்ளும். பிறகு ஊசியை உள்ளே விட்டு விரல்களுக்கு இடையில் உருட்டி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தேய்த்தால் விளிம்பு கூர்மையாகவும் வட்டமாகவும் அமையும். பெட்டியின் உட்புறம் பார்க்கும் முகத்தைக் கறுப்பாக்கிவிடுங்கள்.

அளப்பதற்கு மைக்ரோஸ்கோப் வேண்டாம். வேலூர் பக்கத்தில் இருப்பதன் ஆதாயம் ஒன்று இருக்கிறது: பெரிய மருத்துவமனை எதிரே வரிசையாக மருந்துக் கடைகள். ஊசி மருந்து போடும் ஊசிகள் உலகெங்கும் ஒரே அளவில் வருபவை. 30 எண் ஊசியின் வெளிவிட்டம் 0.31 மி.மீ.; பழுப்பு நிறக் கொண்டையுள்ள 26 எண் ஊசி 0.46 மி.மீ. புதிய, உறை பிரிக்காத இரண்டு ஊசிகள் வாங்கிக்கொள்ளுங்கள். 30 உள்ளே போக வேண்டும், 26-இன் தண்டு போகக் கூடாது. அப்படியானால் உங்கள் துளை 0.31-க்கும் 0.46-க்கும் இடையே, அதாவது அந்தச் சமதளத்தின் மேல்தான் நிற்கிறது. இன்னும் நெருக்க விரும்பினால் 27 எண், 0.41 மி.மீ. இந்த ஊசிகளால் துளையிட முயலாதீர்கள். அவற்றின் முனை சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் தகட்டைக் கிழித்துப் பிறை வடிவத் துளையாக்கும். அளவுகோலாக மட்டும் பயன்படுத்துங்கள், அதுவும் தண்டுவரை உள்ளே போகிறதா என்று பார்த்து. நுனி மட்டும் நுழைவது கணக்கில்லை. வேலை முடிந்ததும் மூடியைப் போட்டுவிடுங்கள்.

வட்டமாக இருக்கிறதா என்று ஊசி சொல்லாது. அதற்கு ஸ்கேனர். அங்குலத்துக்கு 2400 புள்ளி அடர்த்தியில் தகட்டை ஸ்கேன் செய்தால் ஒரு புள்ளி 0.0106 மி.மீ.; 0.37 மி.மீ. துளை 35 புள்ளிகளாகத் தெரியும். குறுக்காகவும் நெடுக்காகவும் எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்துக்குக் கவலைப்பட வேண்டாம். பத்து வித்தியாசம் வந்தால் அடுத்த தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

துளை உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பேப்பரிலேயே பார்க்கவும் வழி உண்டு. எவர்சில்வர் கரண்டி ஒன்றை வெயிலில், கறுப்புத் துணியின் முன்னால், முதுகு உங்களைப் பார்க்கும்படி நிறுத்தி, மூன்று மீட்டரிலிருந்து படம் எடுங்கள். அதில் மின்னும் சூரியன் கேமராவுக்கு வெறும் புள்ளிதான். அது மிகப் பிரகாசமானது, ஆகவே நான்கு விநாடி போதும். நிமிடக் கணக்கில் திறந்துவைத்தால் புள்ளி ஊதிப்போய் எதையும் காட்டாது. கழுவிய பேப்பரில் அந்தப் புள்ளியைத் துளையின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். புள்ளி அப்படியே துளையின் அச்சாக, அதன் பிசிறு உட்பட விழுந்திருந்தால் துளை பெரிது. துளையைவிடப் பல மடங்கு பரந்து, விளிம்பு கரைந்து நின்றால் துளை சிறிது. ஒரு திசையில் மட்டும் நீண்டிருந்தால் துளை முட்டை வடிவம், இல்லையேல் பெட்டி அசைந்திருக்கிறது. இதைக் கோட்டைப் படத்தைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

வெளிச்ச நேரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் துளையை மாற்றினால் அதுவும் மாறும். 0.37 மி.மீ. துளையும் 100 மி.மீ. ஆழமும் என்றால் f/270. பேப்பரின் வேகத்தை ஐ.எஸ்.ஓ. 6 என்று வைத்து, நல்ல உச்சி வெயிலில் கணக்கிட்டால் சுமார் 47 விநாடி வருகிறது. நான் ஒரு நிமிடத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். 0.8 மி.மீ. துளைக்கு அதே கணக்கில் பத்து விநாடியும், 0.15-க்கு ஏறக்குறைய ஐந்து நிமிடமும் ஆகும். உங்கள் இரண்டாவது படம் அந்த ஐந்து நிமிடத்தில் காற்றில் ஆடிய பெட்டியாலும் கொஞ்சம் கெட்டிருக்கலாம். புதிய துளையோடு போகும்போது பெட்டியின் மேல் ஒரு செங்கல்லை வைத்துவிடுங்கள். மூடியைத் திறக்கும் கையால் பெட்டியைத் தொடாமல், முதலில் ஓர் அட்டையைத் துளையின் முன்னால் பிடித்துக்கொண்டு மூடியை எடுத்து, ஆட்டம் அடங்கியதும் அட்டையை விலக்குங்கள்.